ஏழு வார்த்தைத் தலைப்பு!

ராத்திரி பதினோரு மணி. அம்மாவுக்கு டாக்டர் புதிதாக எழுதிக்கொடுத்த மாத்திரையின் பெயரைச் செல்போனில் தட்டுகிறீர்கள். சரசரவென்று பத்துப் பதினைந்து தலைப்புகள் வந்து விழுகின்றன. கொஞ்சம் நம்பிக்கையான தலைப்பாகப் பார்த்து ஒன்றைத் தொடுகிறீர்கள். ஒரு பத்திச் சுருக்கம் வருகிறது. முழுக் கட்டுரையையும் படிக்கவேண்டுமா? ‘டாலரில் பணம் கட்டு’ என்கிறது திரை. விடு, சுருக்கமே போதும் என்று அதன் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, “ஒண்ணும் பயமில்லையாம்மா... நல்ல மருந்துதானாம்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறீர்கள்.

வெட்கப்பட வேண்டாம். நேரமில்லாத டாக்டர்களும் இதைத்தான் செய்கிறார்கள். இன்று நேற்றல்ல, நூறு வருஷத்துக்கு மேலாகவே! தலைப்பைப் படித்து, சுருக்கத்தின் கடைசி வரியைப் படித்து, மீதியைத் தானாக ஊகித்துக்கொள்வது மருத்துவ உலகின் பழைய வழக்கம். அதனால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் உங்களை 1980-ம் வருஷத்து பாஸ்டன் நகரத்துக்குக் கூப்பிடுகிறேன்.

அங்கே ஹெர்ஷல் ஜிக் என்று ஒரு டாக்டர். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு என்னென்ன மருந்து கொடுத்தார்கள், அதனால் என்னென்ன பக்கவிளைவு வந்தது என்று ஆயிரக்கணக்கான பேரின் விவரங்களைச் சேகரித்து வைத்திருந்த ஒரு திட்டத்தை அவர் நடத்திவந்தார். அந்தக் குவியலிலிருந்து அவரும் ஜேன் போர்ட்டர் என்ற சக ஊழியரும் ஒரு சின்னக் கணக்கு எடுத்தார்கள். மார்ஃபின் குடும்பத்து வலிநிவாரணிகளை - ‘நார்காட்டிக்’ என்பார்கள் - ஆஸ்பத்திரியில் கொடுக்கிறோமே, எத்தனை பேர் அதற்கு அடிமையாகிறார்கள்?

பதிலை ஒரு கடிதமாக எழுதி ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழுக்கு அனுப்பினார்கள். கட்டுரைகூட இல்லை, ஆசிரியருக்குக் கடிதம். மொத்தமே ஐந்து வாக்கியங்கள்! 1980 ஜனவரி 10-ம் தேதியிட்ட இதழில் அது வெளிவந்தது. விஷயம் இதுதான்: ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட 39,946 பேரின் பதிவுகளைப் பார்த்தோம். அவர்களில் 11,882 பேர் ஒரு தடவையாவது நார்காட்டிக் மருந்து வாங்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே போதைப்பழக்கம் இல்லாதவர்களில், அடிமையானதாக ஓரளவு தெளிவாகப் பதிவாகியிருப்பது நான்கே பேர்.

ஐந்தாவது வாக்கியத்தில் முடிவைச் சொல்லும்போது ஜிக் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். ‘ஆஸ்பத்திரிகளில்’ என்று ஒரு வேலி போட்டார். ‘ஏற்கெனவே அடிமைப்பழக்கம் இல்லாத நோயாளிகளில்’ என்று இன்னொரு வேலி. இந்த இரண்டு வேலிகளுக்கு உள்ளேதான் ‘அரிது’ என்ற வார்த்தை உட்கார்ந்திருந்தது.

ஆனால் தலைப்பு? ‘அடிக்‌ஷன் ரேர் இன் பேஷன்ட்ஸ் ட்ரீட்டட் வித் நார்காட்டிக்ஸ்’. ஆங்கிலத்தில் ஏழே வார்த்தை. நார்காட்டிக் மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகள் அடிமையாவது அரிது. முடிந்தது கதை. ஆஸ்பத்திரியைக் காணோம். பழக்கமில்லாதவர்களைக் காணோம். ‘பதிவானது’ என்பதையும் காணோம்!

இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் பதிவுகளைத்தான் அவர்கள் பார்த்தார்கள். வலி மருந்தை எப்போது, எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது அங்கே நர்ஸின் கையில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்த 11,882 பேரும் என்ன ஆனார்கள் என்று யாரும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கவில்லை. ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வீட்டுக்குப் போனவரும் அந்தக் கணக்கில் உண்டு. மாசக்கணக்கில் முதுகுவலிக்கு வீட்டிலேயே மாத்திரை விழுங்குகிறவரைப் பற்றி அந்தக் கடிதம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

‘கடிதத்தை முழுக்கப் படித்தால் இதெல்லாம் தெரிந்திருக்குமே, ஐந்து வாக்கியம்தானே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் தேடல் என்கிற சமாசாரம் உள்ளே வருகிறது.

1879-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்பவர் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்று ஒரு பிரமாண்டமான அட்டவணையைத் தொடங்கினார். உலகத்தில் வெளியாகும் மருத்துவக் கட்டுரைகளை எல்லாம் பொருள்வாரியாகப் பட்டியல் போடும் வேலை. ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், பக்கம்... அவ்வளவுதான். கட்டுரைக்குள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தலைப்பு மட்டும்தான் சொல்லவேண்டும். பிறகு அது கம்ப்யூட்டரில் ஏறி 1971-ல் ‘மெட்லைன்’ ஆனது. 1996-ல் ‘பப்மெட்’ என்ற பெயரில் இணையத்துக்கே வந்தது. கட்டுரைகளுக்குச் சுருக்கத்தையும் சேர்த்துக் காட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்துக்குச் சுருக்கம் ஏது? ஆக, ‘நார்காட்டிக், அடிமை’ என்று தேடிய டாக்டருக்குக் கிடைத்தது அந்த ஏழு வார்த்தைகள்தான். அசலைப் பார்க்க வேண்டுமானால் நூலகத்துக்குப் போய், 1980-ம் வருஷத்து பைண்ட் வால்யூமைத் தூசி தட்டி எடுக்கவேண்டும். யார் போவார்கள்? தலைப்பே விடையைச் சொல்லிவிட்டதே!

அப்புறம் நடந்ததுதான் வேதனை. 1986-ல் இரண்டு நிபுணர்கள், புற்றுநோய் அல்லாத வலிக்கும் இந்த மருந்துகளை நீண்டநாள் கொடுக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஜிக்கின் கடிதத்தையும் ஆதாரமாகக் காட்டினார்கள். (ஒன்றைச் சொல்லவேண்டும். ‘38 பேரின் விவரம்’ என்று அவர்கள் தலைப்பிலேயே யோக்கியமாகப் போட்டுவிட்டார்கள். அதையும் மீறி அந்தக் கட்டுரையைப் பெரிய ஆராய்ச்சி மாதிரி எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. நல்ல தலைப்பு ஒரு எச்சரிக்கைப் பலகை. அதற்குப் பூட்டு வேலையெல்லாம் தெரியாது!)

1996-ல் பர்டியூ என்ற கம்பெனி ‘ஆக்ஸிகான்டின்’ என்ற வலிமாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் ஆபத்து ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு என்று அதன் விற்பனைப் பிரதிநிதிகள் டாக்டர்களிடம் சொன்னார்கள். 11,882-க்கு 4 என்பது ஒரு சதவிகிதத்துக்குக் குறைவுதானே! கணக்கு தப்பில்லை, கணக்கில் இருந்த ஆட்கள்தான் வேறு. 2007-ல் அந்தக் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனி, மருந்தின் அபாயத்தைத் தவறாகச் சித்திரித்ததாகக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கம்பெனியும் அதன் அதிகாரிகள் மூவரும் சேர்ந்து கட்டிய தொகை 63 கோடி டாலருக்கு மேல்.

1999 முதல் 2021 வரை அமெரிக்காவில் இந்தக் குடும்பத்து மருந்துகளையும் போதைப்பொருட்களையும் அளவுக்கு மீறி உட்கொண்டு செத்தவர்கள் சுமார் 6,45,000 பேர். ஹெராயினும் கள்ள ஃபென்டனிலும் இதில் சேர்த்தி. இத்தனைக்கும் ஒரு கடிதம்தான் காரணம் என்றால் அது அபாண்டம். பேராசை, விளம்பரம், தூங்கிய அதிகாரிகள் என்று பெரிய பட்டியலே உண்டு. ஆனால் டாக்டர்களின் மனசில் இருந்த பயத்தைப் போக்கக் கையில் ஒரு ‘ஆதாரம்’ வேண்டியிருந்தபோது, அந்தத் தலைப்பு கச்சிதமாக உதவியது.

சரி, ஜிக் வேறு எப்படித் தலைப்பு வைத்திருக்கலாம்? நாமே ஒரு கை பார்ப்போம்.

முதலில் ‘அரிது’ என்பதை எடுத்துவிடுவோம். அது கண்டதல்ல, கண்டதைப் பற்றிய தீர்ப்பு. அதை எடுத்தால் கட்டுரை தேடலில் கிடைக்காமல் போய்விடுமா? போகாது. தேடுகிறவர் ‘நார்காட்டிக்’ என்று தேடுவார், ‘அடிமை’ என்று தேடுவார். ‘அரிது’ என்று யார் தேடப்போகிறார்கள்? அடுத்து, யாரிடம் பார்த்தோம் என்பதைச் சேர்ப்போம்: ஆஸ்பத்திரி உள்நோயாளிகள். எப்படிப் பார்த்தோம்? பதிவேடுகளைப் புரட்டி. இப்போது தலைப்பு இப்படி வருகிறது: ‘ஆஸ்பத்திரி உள்நோயாளிகளிடம் நார்காட்டிக் மருந்துக்குப் பின் பதிவான அடிமைத்தனம்: 11,882 பேரின் பதிவேட்டுக் கணக்கு’.

கொஞ்சம் நீளம்தான். கவர்ச்சியும் இல்லை. ஆனால் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். பழைய தலைப்பில் தேடலுக்கு உதவிய வார்த்தைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. கூடுதலாக ‘உள்நோயாளி’ என்ற வார்த்தையில் தேடுகிறவருக்கும் இது கிடைக்கும். அதே சமயம், வீட்டிலிருந்து முதுகுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவரைப் பற்றித் தேடும் டாக்டர் இதைப் பார்த்தவுடனே ‘ஓ, இது நம்ம ஆள் இல்லை’ என்று நகர்ந்துவிடுவார். கட்டுரையைக் கட்டுப்படுத்தும் வார்த்தைகள் எவையோ, சரியான ஆளிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவையும் அவைதான்! ஜாக்கிரதையாக எழுதினால் யாரும் தேடிவர மாட்டார்கள் என்பது பலருக்கு இருக்கும் வீண் பயம்.

‘பதிவான’ என்ற இறந்தகாலத்தையும் கவனியுங்கள். ‘நான்கு பேருக்குப் பதிவானது’ என்றால் அது ஒரு இடத்தில், ஒரு காலத்தில் நடந்த சங்கதி. ‘அடிமையாவது அரிது’ என்றால் அது ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்பது மாதிரி இயற்கைச் சட்டம் ஆகிவிடுகிறது. விஞ்ஞானி ஒரு வினையின் காலத்தை மாற்றினால் போதும், வாசகர் ஏமாந்துபோவார்.

இப்படி அடக்கமாகத் தலைப்பு வைத்தவர்கள் முன்பே இல்லாமல் இல்லை. ஜிக்குக்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, இதே மாதிரி இன்னொரு குட்டிக் கடிதம். 1961 டிசம்பரில் லண்டனின் ‘லான்செட்’ இதழில் வந்தது. எழுதியவர் ஆஸ்திரேலியாவில் பிரசவம் பார்க்கும் டாக்டர் வில்லியம் மெக்பிரைட். கர்ப்பிணிகளின் வாந்திக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு மருந்தைப் பற்றியது. வழக்கமாக நூற்றில் ஒன்றரைக் குழந்தைக்குப் பிறவிக் குறை இருக்கும். இந்த மருந்தைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் கிட்டத்தட்ட இருபது சதவிகிதம் பேருக்குக் கடுமையான குறைகளைப் பார்க்கிறேன் என்று எழுதினார். எவ்வளவு பயங்கரமான செய்தி! ‘தாலிடோமைடு குழந்தைகளை முடமாக்குகிறது’ என்று தலைப்பு வைக்க யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

லான்செட் வைத்த தலைப்பு: ‘தாலிடோமைடும் பிறவிக் குறைகளும்’. அவ்வளவே! ஒரு ‘உம்’தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. கடிதத்தின் முடிவிலும் தீர்ப்பு இல்லை, கேள்விதான். இதைப்போல நீங்கள் யாரும் பார்த்திருக்கிறீர்களா என்று மற்ற டாக்டர்களைக் கேட்டு முடித்துக்கொண்டார். மருந்தின் பெயரில் தேடினாலும் கிடைக்கும், குறையின் பெயரில் தேடினாலும் கிடைக்கும். நிரூபிக்காத எதையும் அந்தத் தலைப்பு சொல்லவில்லை. (கடிதம் அச்சாவதற்கு முன்பே, ஜெர்மன் டாக்டர் ஒருவரின் எச்சரிக்கையால் அங்கே மருந்து வாபஸ் ஆகியிருந்தது. மெக்பிரைட் பிற்காலத்தில் வேறொரு மருந்து விஷயத்தில் ஆய்வுத் தகவல்களைத் திரித்தார் என்று நிரூபணமாகி, 1993-ல் டாக்டர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார் என்பது தனி சோகம்.)

இந்த இடத்தில் ஒரு தப்பபிப்பிராயத்தைத் தீர்த்துவிடலாம். ஜாக்கிரதை என்றவுடன் பலபேர் ‘லாம்’ போட ஆரம்பிக்கிறார்கள். ‘இந்தக் கீரை புற்றுநோயைக் குணப்படுத்தலாம்!’ பார்த்தீர்களா, ‘லாம்’ இருக்கிறது, ஆனால் உங்கள் காதில் அது விழவே இல்லை. ‘கீரை, புற்றுநோய், குணம்’ இந்த மூன்றுதான் விழுந்தது. (வாரப் பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் இந்தப் பாவத்தில் கணிசமான பங்கு உண்டு!) அதே செய்தியை ‘ஆய்வகத்தில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களில் கீரைச் சாறு: ஒரு சோதனை’ என்று எழுதினால் ‘லாம்’ தேவையே இல்லை. தேடினாலும் கிடைக்கும். மனிதருக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்பதும் புரிந்துவிடும்.

தலைப்பைச் சரிசெய்துவிட்டால் போதுமா? சுருக்கம் என்று ஒன்று இருக்கிறதே. 1987-ல் ஒரு நிபுணர் குழு, சுருக்கத்தை ஒரே பத்தியாகக் கொட்டாமல் நோக்கம், செய்த முறை, யாரிடம், கிடைத்தது, முடிவு என்று குட்டித் தலைப்புகளாகப் பிரித்து எழுதுங்கள் என்று யோசனை சொன்னது. பெரிய பத்திரிகைகள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன. ஏமாற்றுவது கஷ்டமாகும் என்று நினைத்தார்கள். கஷ்டமானது உண்மை, முடியாமல் போகவில்லை.

எப்படி என்று ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு ரத்தக்கொதிப்பு மருந்து, மாரடைப்பைக் குறைக்குமா என்று பார்க்க ஒரு சோதனை. முடிவில், மருந்து சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் மாரடைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. சோதனை நடத்தியவருக்கு வயிற்றெரிச்சல்! சுருக்கத்தின் கடைசி வரியில் இப்படி எழுதுகிறார்: ‘இந்த மருந்து ரத்தக்கொதிப்பை நன்கு குறைத்தது, நோயாளிகளுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது.’ ஒரு பொய்கூட இல்லை! எதைத் தேடிப்போனார்களோ, அதைப் பற்றி மட்டும் மூச்சு இல்லை. யோக்கியமாக எழுதினால் எப்படி இருக்கும்? ‘மாரடைப்பு குறைந்ததாக இந்தச் சோதனையில் காணப்படவில்லை. ரத்தக்கொதிப்பு குறைந்தது.’ ‘இந்த மருந்தால் பலனே இல்லை’ என்று எழுதினால் அதுவும் எதிர்ப்பக்கமாகத் தாவுவதுதான். சோதனையில் ஆள் குறைவாக இருந்தால், இருக்கும் பலன்கூடக் கண்ணில் படாமல் போகும்.

இந்தத் தில்லுமுல்லுக்கு மருத்துவ உலகில் ‘ஸ்பின்’ என்று பெயர். கிரிக்கெட் ஸ்பின் மாதிரியேதான், விழும் இடம் ஒன்று, திரும்பும் திசை வேறு! 2010-ல் பிரான்ஸையும் இங்கிலாந்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், முக்கியக் கேள்விக்குச் சாதகமான விடை கிடைக்காத 72 சோதனைகளின் அறிக்கைகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். தலைப்பிலேயே ஸ்பின் இருந்தவை 18 சதவிகிதம். சுருக்கத்தின் முடிவு வரியில் ஸ்பின் இருந்தவை 58 சதவிகிதம். அதாவது பாதிக்கு மேல்!

‘டாக்டர்கள் விவரமானவர்கள், இதற்கெல்லாம் ஏமாறமாட்டார்கள்’ என்று நினைக்கிறீர்களா? அதையும் சோதித்தார்கள். 2014-ல் வெளியான ஆய்வு அது. புற்றுநோய் சிகிச்சைச் சோதனைகளைப் பற்றிய சுருக்கங்களை எடுத்துக்கொண்டு, ஸ்பின் நீக்கி ஒரு பிரதி எழுதினார்கள். 300 டாக்டர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஸ்பின் உள்ளதையும் மீதிப் பேருக்கு நீக்கியதையும் கொடுத்தார்கள். இந்தச் சிகிச்சை பலன் தரும் என்று எவ்வளவு தூரம் நினைக்கிறீர்கள், பத்துக்கு மார்க் போடுங்கள் என்றார்கள். ஸ்பின் நீக்கியதைப் படித்தவர்கள் சராசரியாக 2.9 போட்டார்கள். ஸ்பின்னைப் படித்தவர்கள் 3.6. எண்கள் அதே, சோதனை அதே. வார்த்தை மட்டும்தான் வேறு.

ஆகவே அடுத்த தடவை ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள் தேடும்போது, சுருக்கத்தின் கடைசி வரியைப் படித்ததும் மேலே ஏறி நோக்கம் என்ற வரியைப் பாருங்கள். எதைக் கண்டுபிடிக்கக் கிளம்பினார்களோ அதைப் பற்றித்தான் கடைசி வரி பேசுகிறதா? யாரைச் சோதித்தார்களோ, அவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறதா? இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். டாலர் கட்டவேண்டாம்.

ஜிக்கின் கடிதத்துக்கு வருவோம். 2017-ல் கனடாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சிலர், அந்தக் கடிதத்தை இதுவரை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடிப்பிடித்து எண்ணினார்கள். 608 இடங்கள்! அதே காலத்தில் அதே இதழில் வந்த மற்ற கடிதங்களுக்குக் கிடைத்தது, நடுவாந்திரமாக, 11 தடவை. அந்த 608-ல் 439 பேர் ‘அடிமையாவது அரிது’ என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். அது ஆஸ்பத்திரி உள்நோயாளிகளைப் பற்றியது என்பதையே குறிப்பிடாதவர்கள் 491 பேர். ஜிக்குக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மருந்துக் கம்பெனிகள் தன் கடிதத்தை இப்படிப் பயன்படுத்திக்கொண்டதில் கூனிக்குறுகிப் போயிருப்பதாகப் பத்திரிகை நிருபரிடம் சொன்னார்.

கனடாக்காரர்களின் கணக்கையும் அதே ‘நியூ இங்கிலாந்து ஜர்னல்’தான் வெளியிட்டது. கையோடு, இணையத்தில் இருக்கும் ஜிக்கின் கடிதத்தோடு ஒரு குறிப்பையும் சேர்த்தது: இந்தக் கடிதம் யோசனையில்லாமல் ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது, பொதுமக்களின் நலன் கருதி வாசகர்கள் இதை அறிந்திருக்கவேண்டும் என்று. அச்சாகி முப்பத்தேழு வருஷம் கழித்து! தலைப்பில் மட்டும் அவர்கள் கைவைக்கவில்லை. வைக்கவும் முடியாது. 608 இடங்களில் அந்தத் தலைப்புதான் அச்சாகியிருக்கிறது, அட்டவணைகளிலும் கடிதத்துக்கு அதுதான் முகவரி. இன்றைக்கு நீங்கள் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது அந்த ஏழு வார்த்தைகள்தான். குறிப்பைப் பார்க்கவேண்டுமானால் உள்ளே போகவேண்டும்.